மழையிலும் பனிக்காலையிலும் மட்டும் விழும் ட்ரிப்பர்

கேள்வி: திருவாரூர் பக்கம் எங்கள் ஊர். மழை பிடித்தால் மெயினில் இருக்கும் ட்ரிப்பர் விழுந்துவிடுகிறது. மார்கழியில் மழையே இல்லாமல் பனி விழும் காலையிலும் விழுகிறது. பத்து மணிக்கு மேல் தூக்கிவிட்டால் நிற்கிறது. இரண்டு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் ட்ரிப்பரையே மாற்றினார். அப்படியும் விழுகிறது. எங்கே பார்ப்பது?

பதில்: விழுவது எந்த ட்ரிப்பர் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். டெஸ்ட் பட்டன் வைத்த, பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற அகலமானது ஆர்.சி.சி.பி.; பழைய பழக்கத்தில் அதை ஈ.எல்.சி.பி. என்பார்கள். ஒவ்வொரு அறைக்கும் வரிசையாக இருக்கும் ஒல்லியானவை எம்.சி.பி. பத்து ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று விழ வேண்டுமானால் அதன் வழியே பத்து ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 230 வோல்ட்டில் அதற்கு 23 ஓமுக்கும் குறைந்த தடையுள்ள பாதை வேண்டும். ஈரச் சுவரோ, பெட்டியில் தேங்கிய மழைநீரோ அவ்வளவு குறைந்த தடையைத் தருவதில்லை, அவற்றின் தடை பெரும்பாலும் ஆயிரக்கணக்கான ஓம் கணக்கில் இருக்கும். ஆகவே ஈரத்தில் விழுந்து, காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் நிற்பது ஏறத்தாழ எப்போதும் ஆர்.சி.சி.பி.தான். உங்கள் வீட்டில் விழுவது எம்.சி.பி.யாக இருந்தால் நான் கீழே சொல்வது பொருந்தாது. அப்போது ஒயர் ஒன்றோடொன்று நேராகத் தொடுகிறதா, மோட்டார் இறுகியிருக்கிறதா என்று வேறு வழியில் தேட வேண்டும்.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே ஒரு கணக்கு. பேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வராமல் போன பங்கு எங்கோ எர்த்துக்குக் கசிகிறது என்று பொருள். வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. அப்படிக் குறித்த கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் கட்டாயம் விழ வேண்டும், அதில் பாதியான 15 வரை விழாமல் நிற்க வேண்டும், இடைப்பட்ட இடத்தில் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பது தர விதி. 230 வோல்ட்டை இந்த அளவுகளால் வகுத்துப் பார்த்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள தடை சுமார் 15 கிலோ ஓமுக்கும் 8 கிலோ ஓமுக்கும் இடையே இறங்கும்போது ட்ரிப்பர் விழுகிறது என்று தெரியும். நல்ல ஒயரிங்கில் இந்தத் தடை மெகா ஓம் கணக்கில், அதாவது பத்து லட்சக்கணக்கான ஓமில் இருக்கும். அங்கிருந்து சில ஆயிரம் ஓமுக்கு இறங்கி, பத்து மணிக்குள் மீண்டும் ஏறிவிடுகிற ஓர் இடம் உங்கள் வீட்டில் இருக்கிறது. இவ்வளவும் உறுதி. அந்த இடம் எது என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

வந்த இருவரும் தவறாகச் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வந்தது அநேகமாக வெயில் ஏறிய பிறகு; அந்நேரம் கசிவு அங்கே இல்லை, இல்லாததை அளக்க முடியாது. கையில் இருந்தது சாதாரண மல்டிமீட்டராக இருந்தால் ஈரத்தில் வந்திருந்தாலும் நம்பிக்கையான பதில் கிடைத்திருக்காது, ஏனென்றால் அது சில வோல்ட் பேட்டரியை வைத்துத் தடையை அளக்கிறது. டேப்பின் மேல் படிந்த ஈரப் படலமும், செம்பில் ஏறிய களிம்பும் அந்தச் சில வோல்ட்டில் ஒரு விதமாகவும் 230 வோல்ட்டில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். இதற்கென்று இருக்கும் கருவி 500 வோல்ட் நேர்மின்சாரத்தில் அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர், அதாவது மெகர். உங்கள் ஊரில் மெகர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைத் தேடி, மழை நாளிலோ பனி விலகாத காலை ஆறரை ஏழு மணிக்கோ வரச் சொல்லுங்கள். பகலில்தான் வர முடியும் என்றால் வந்தும் அதிகம் பயனில்லை என்று முன்பே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

அவர் வருவதற்குள் நீங்களே எதையும் திறக்காமல் பார்த்து வைக்கக்கூடியவை உண்டு. அடுத்த முறை விழும்போது எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்குங்கள், நின்றால் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் சற்று நேரம் விட்டு ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறதோ அந்த சர்க்யூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் வெளி விளக்குகள் இருந்தால் அவற்றின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். சுவிட்ச் அணைந்திருந்தால் நிற்கிறது, விளக்கைப் போட்டால்தான் விழுகிறது என்றால் ஈரம் சுவிட்சுக்கு அப்பால், விளக்கிலோ அதற்குப் போகும் ஒயரிலோ இருக்கிறது. விளக்கு அணைந்திருந்தும் விழுந்தால் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரில் இருக்கிறது. ஆனால் பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. அங்கே விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் பேஸ் நிற்கும், இந்த அடையாளம் நம்மை ஏமாற்றிவிடும். அதை எலக்ட்ரீஷியன் டெஸ்டரால் பார்த்துக்கொள்வார்.

மழை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தபோது விழுந்தது என்பதையும் குறித்து வையுங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குக் காற்றோடு வருவதால் வீட்டின் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் நனைகின்றன; கோடையில் சாயங்காலம் இடியோடு வரும் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசி மழையில் விழுந்து கோடை மழையில் விழாத வீட்டில் கிழக்குப் பக்கத்து விளக்கையும் வடக்குப் பக்கத்து பிளக்கையும் முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். சாரல் அடிக்காமல் நேராக நின்று பெய்யும் மழையில்கூட விழுந்தால், சுவரை விட்டுவிட்டு மொட்டை மாடியை நினைக்க வேண்டும்.

அடுத்து, தண்ணீர் எப்படிக் கசிவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பைப்பில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லி வீட்டு ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பி.வி.சி. உறை சேதமில்லாத ஒயர் தண்ணீரில் கிடந்தாலும் மாதக்கணக்கில் மெகரில் நல்ல அளவே காட்டும். அப்படிக் கிடக்க வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை, ஆனால் ட்ரிப்பரை விழவைப்பது அந்தத் தண்ணீர் மட்டும் அல்ல. தண்ணீர் தொடும் இடத்தில் செம்பு வெளியே தெரிய வேண்டும். அது ஒன்று முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டாக இருக்கும், அல்லது ஒயர் இழுக்கும்போது பைப் விளிம்பில் உறை சீவுப்பட்ட இடமாக இருக்கும். அதோடு அந்தச் செம்புக்கு அருகிலேயே எர்த்துக்கு ஒரு வழியும் வேண்டும். பைப்பும் பெட்டியும் பி.வி.சி. என்றால் அந்த வழி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். நம் வீடுகளில் பேஸ், நியூட்ரல் ஒயர்களுடன் அதே பைப்பில் உறையில்லாத வெறும் செம்புக் கம்பியை எர்த்துக்கு இழுத்துவிடுவது வெகுகாலப் பழக்கம். ஆகவே ஜாயிண்ட் இருக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் டேப் சுற்றிய பேஸுக்கும் வெறும் எர்த் கம்பிக்கும் இடையே ஒரு விரல் அகலம்கூட இருப்பதில்லை, அந்த இடைவெளியை ஈரம் நிரப்பினால் போதும்.

பனிக்காலையில் மழையில்லாமல் விழுவதற்கும் இதே இடம்தான் காரணமாக இருக்க முடியும். ஐப்பசியில் பைப்பின் வளைவில் இறங்கிய தண்ணீர் எளிதில் வெளியேறுவதில்லை, வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். அதனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று எப்போதும் ஈரம் நிறைந்ததாகவே இருக்கும். இரவில் மொட்டை மாடித் தளம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துபோக, தளத்தை ஒட்டிய பெட்டியும் குளிர்ந்து, உள்ளிருக்கும் ஈரம் மூடியிலும் டேப்பிலும் கம்பியிலும் துளித்துளியாக வேர்த்து நிற்கும். விடிந்து வெயில் தளத்தில் ஏறியதும் துளிகள் வற்றுகின்றன, ட்ரிப்பரும் நிற்கிறது. பத்து மணி என்று நீங்கள் குறிப்பிட்டது இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கடற்காற்றில் வந்து விளக்கின் டெர்மினலில் படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கை, அதாவது 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். பனியே விழாவிட்டாலும் அந்த விளக்கு காலையில் கசியும். திருவாரூர் வரை உள்ளே வந்த ஊரில் உப்பின் பங்கு குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி அளக்கும் முறை. இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை, ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருப்பது நல்லது. மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து இன்வெர்ட்டர், டெல்டாவில் அது இல்லாத வீடு குறைவு, மெயினை இறக்கினாலும் அது பாதி வீட்டுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை அணைத்து, அதன் வெளியீட்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, எங்கும் மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே மெகரை எடுக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் பிடுங்க வேண்டும், வெறுமனே சுவிட்சை அணைத்தால் போதாது. மின்னல் தடுப்புக் கருவி எதையாவது போர்டில் பொருத்தியிருந்தால் அதையும் விலக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயரிங் கெட்டதுபோல் அது காட்டும்.

பிறகு சந்தேகப்படும் சர்க்யூட்டின் பேஸை எம்.சி.பி.யிலிருந்தும் நியூட்ரலை நியூட்ரல் லிங்கிலிருந்தும் கழற்றி, அந்த சர்க்யூட்டின் விளக்குச் சுவிட்சுகளை எல்லாம் போட்ட நிலையில் வைக்க வேண்டும். போடாவிட்டால் சுவிட்சுக்கு அப்பால் உள்ள ஒயர் அளவில் சேராது. பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி, அந்த முறுக்குக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்குவதால் எல்.இ.டி. விளக்கு மாட்டியிருந்தாலும் அதன் இரு முனைகளுக்குக் குறுக்கே 500 வோல்ட் விழாது. சேர்த்து அளந்ததில் குறை தெரிந்தால் விளக்குகளைக் கழற்றிவிட்டு, பேஸைத் தனியாகவும் நியூட்ரலைத் தனியாகவும் எர்த்தோடு அளந்து, குறை எதில் என்று பிரிக்க வேண்டும்.

ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் சர்க்யூட் தேறிவிட்டதாகக் கொள்வது பொதுவான அளவுகோல். இந்த மாதிரிக் குறைக்கு நான் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ஒரே வீட்டில், ஒரே காலத்தில், ஒரே ஒயரில் செய்த மற்ற சர்க்யூட்டுகள் 200 மெகா ஓமுக்கு மேல் காட்டும்போது ஒன்று மட்டும் நான்கைந்து மெகா ஓம் காட்டினால், அது தேறியிருந்தாலும் குறை அதில்தான் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். பகலில்தான் வர முடிந்தது என்றால் இந்த ஒப்பீடு ஒன்றே கையில் இருக்கும் துப்பு.

மன்னார்குடி அருகே ஒரு மாடி வீட்டில் இதே குறையை நான் பார்த்ததைச் சொன்னால் மேலே சொன்னவை தெளிவாகும். அங்கும் ட்ரிப்பரை மாற்றியிருந்தார்கள். எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றியதில் மாடிப்படி, போர்டிகோ, கேட் தூண் விளக்குகள், மொட்டை மாடி விளக்கு எல்லாம் சேர்ந்த ஒரே சர்க்யூட் பிடிபட்டது. வீட்டுக்காரருக்குக் கேட் தூண் விளக்குகளின் மேல்தான் சந்தேகம். கண்ணாடிக் குடுவைக்குள் தண்ணீர் நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்த காலை ஏழு மணிக்கு அந்த சர்க்யூட்டின் பேஸை எர்த்தோடு அளந்தபோது 10 கிலோ ஓம் இருந்தது. 230 வோல்ட்டில் அது 23 மில்லி ஆம்பியர் கசிவு, ட்ரிப்பர் விழப் போதுமானது. நியூட்ரல் அரை மெகா ஓமுக்கு மேல் இருந்தது. மற்ற சர்க்யூட்டுகள் எல்லாம் 200 மெகா ஓமைத் தாண்டின.

அடுத்தது சர்க்யூட்டைப் பாதியாக வெட்டிப் பார்ப்பது. போர்டிகோவின் மேல் இருந்த ஜங்ஷன் பாக்ஸில் கேட்டுக்குப் போகும் ஒயர்களைப் பிரித்து அளந்தால், தண்ணீர் நின்ற அந்தக் கேட் விளக்குகளின் பக்கம் 80 மெகா ஓம் காட்டியது. குடுவையின் அடியில் தண்ணீர் இருந்தது, ஹோல்டர் அதற்கு மேலே காய்ந்து இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த தண்ணீர் குற்றவாளி இல்லை. மாடிப்படிப் பக்கம் அதே 10 கிலோ ஓம். படியின் உச்சியில், மொட்டை மாடிக் கதவுக்கு மேல் தளத்தை ஒட்டி வெள்ளை அடித்து மூடிய ஒரு வட்டப் பெட்டி இருந்தது. மூடியின் திருகைத் தளர்த்தியதும் சுண்ணாம்பு கலந்த நீர் விளிம்பில் வழிந்தது. உள்ளே மூன்று ஜாயிண்ட்; இரண்டில் டேப் கெட்டியாக இருந்தது, மூன்றாவதில் பசை இளகி டேப் ஒரு பக்கமாக நழுவி, முறுக்கின் நுனி பச்சைக் களிம்பு ஏறி வெளியே தெரிந்தது. வெறும் எர்த் கம்பி அதன் அடியில் படிந்து கிடந்தது, இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக உப்புப் பொருக்கு. அது மொட்டை மாடி விளக்குக்கு ஏறும் நிரந்தர பேஸ். சுவிட்ச் மேலே கதவுக்கு வெளியே இருந்ததால் விளக்கு அணைந்திருந்தாலும் அந்த ஜாயிண்ட்டில் மின்சாரம் நின்றது.

அந்த ஜாயிண்ட்டைப் பிரித்துத் துடைத்து, இரு பக்கத்து ஒயர்களையும் தனித்தனியே அளந்ததும் இரண்டும் 200 மெகா ஓமுக்கு மேல் போயின. ஒயர் கெடவில்லை, ஜாயிண்ட்தான் என்பது இதில் உறுதியானது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் தெரியவில்லை. மேலே போய்ப் பார்த்ததில், கைப்பிடிச் சுவரில் இன்னொரு விளக்குக்காக விட்ட பைப் ஒன்று வாய் மேல்நோக்கித் திறந்தபடியே இருந்தது. விளக்கு மாட்டவே இல்லை. ஜாயிண்ட்டைத் தற்காலிகமாகப் பழையபடி வைத்து, மின்சாரம் முழுவதும் துண்டித்த நிலையிலேயே மெகரை மாட்டிவிட்டு, அந்த வாயில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றியபோது சில நிமிடங்களில் முள் இறங்கத் தொடங்கி மீண்டும் கிலோ ஓமுக்கு வந்தது. மழைக்குக் காத்திருக்காமல் குறையை வரவழைத்துக் காட்டும் இந்தச் சோதனையைத்தான் நான் முடிவான சான்றாகக் கொள்கிறேன். வெளி விளக்குகளிலும் பூவாளியால் ஒவ்வொன்றாக நனைத்து இப்படிப் பார்க்கலாம். ஒன்றை நனைத்துப் பார்த்துவிட்டு, சற்று நேரம் விட்டுத்தான் அடுத்ததை நனைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்தால் எது என்று தெரியாது.

அதே வீட்டில், பழுது பார்ப்பதற்கு முன்பு நேரத்தோடு அளவு எப்படி மாறுகிறது என்று வேறொரு பனிக்காலையில் பார்த்ததும் நினைவிருக்கிறது. ஏழு மணிக்குப் பத்து கிலோ ஓமை ஒட்டி இருந்தது ஒன்பது மணிக்கு 60 கிலோ ஓமாகி, நண்பகலில் 4 மெகா ஓமில் நின்றது. ஒன்பது மணிக் கணக்கில் கசிவு நான்கு மில்லி ஆம்பியருக்கும் கீழே. ட்ரிப்பர் நிற்கும், ஆனால் குறை அங்கேயே இருக்கிறது. நண்பகலில் வந்து அளப்பவருக்கு ஒரு மெகா ஓம் அளவுகோலில் எல்லாம் சரி.

சில இடங்களில் இவ்வளவு தெளிவு கிடைக்காது. ஓரிடத்தில் 10 கிலோ ஓம் இல்லாமல், நான்கு இடங்களில் நாற்பது ஐம்பது கிலோ ஓம் என்று சிதறிக் கிடந்தால் தனியாக எதுவும் ட்ரிப்பரை வீழ்த்தாது, சேர்ந்து வீழ்த்தும். அப்போது ஒரு எம்.சி.பி.யை இறக்கினாலும் நிற்கும், வேறொன்றை இறக்கினாலும் நிற்கும், காரணம் இது அல்லது அது என்று தோன்றும். மின்னணுப் பொருட்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் ஃபில்டர் காரணமாக இயல்பாகவே சிறிது கசிவு உண்டு, அதுவும் இந்தக் கணக்கில் சேரும். இந்த நிலைக்கு மெகரைவிட, மில்லி ஆம்பியர் அளக்கும் கசிவு கிளாம்ப் மீட்டர் ஏற்றது. மின்சாரம் ஓடும்போதே பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டால், திரும்பி வராத மின்னோட்டம் எவ்வளவு என்று நேராகக் காட்டும். எல்லா எலக்ட்ரீஷியனிடமும் அது இருக்காது.

எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்க மறுத்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டுமே வெட்டுகிறது, எல்லா நியூட்ரல்களும் லிங்கில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சாதாரணமாகச் சில வோல்ட்தான் இருக்கும் என்பதால், சில ஆயிரம் ஓமுள்ள ஈரப் படலம் அங்கே ட்ரிப்பரை வீழ்த்தாது. கம்பியோடு கம்பி நேராகத் தொட்டால்தான் வீழ்த்தும். ஆகவே ஈரத்தில் மட்டும் வரும் உங்கள் குறைக்கு நியூட்ரலை இரண்டாவது சந்தேகமாகவே வைத்திருக்கிறேன். பின்புறத்தில் நிற்கும் தண்ணீர் மோட்டார், வெளிக் குளியலறை ஹீட்டர், கேட்டில் இருக்கும் காலிங் பெல் சுவிட்ச் ஆகியவை ஒயரிங்குக்கு வெளியே இருக்கும் சந்தேகங்கள். மோட்டாரின் டெர்மினல் பெட்டி மூடியில் ரப்பர் போய்விட்டிருப்பதும், காலிங் பெல் சுவிட்சுக்குள் எறும்பு மண் சேர்த்து அந்த மண் ஈரம் குடிப்பதும் அடிக்கடி பார்ப்பவை.

இடம் தெரிந்த பிறகு பழுது பார்ப்பது பெரிய வேலை இல்லை. ஈரம் வரக்கூடிய பெட்டியில் டேப் சுற்றிய ஜாயிண்ட் இருக்கவே கூடாது. முடிந்தால் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே நீளமாக ஒயரை இழுக்க வேண்டும், முடியாவிட்டால் கனெக்டர் போட்டுப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். வெறும் எர்த் கம்பிக்குப் பதிலாகப் பச்சை உறை ஒயரை இழுப்பது கசிவுக்கான பாதையையே எடுத்துவிடும். மொட்டை மாடியில் முடியும் பைப்பின் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், பயன்படாத வாயை மூடிவிட வேண்டும். வெளி விளக்குக்கு ஒயர் மேலிருந்து நுழையாமல் அடியிலிருந்து நுழைய வேண்டும். மேலிருந்துதான் வர முடியும் என்றால் விளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற்றினால் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். விளக்கைச் சுற்றிலும் சிலிக்கான் அப்பிவிடுவது பலர் செய்யும் வேலை, எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல் விளிம்பையும் பக்கங்களையும் அடைக்கலாம், அடியை அடைத்தால் உள்ளே வேர்க்கும் நீர் போக வழியின்றி ஹோல்டர் வரை ஏறும். தண்ணீர் வடியத் துளை வைத்துச் செய்த விளக்கானால் அந்தத் துளையைத் திறந்தே விடுங்கள்.

வெளி விளக்குகளையும் வெளி பிளக்குகளையும் தனி சர்க்யூட்டாகப் பிரித்து, பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கும் ஓவர்லோடுக்கும் சேர்த்து விழுகிற ஆர்.சி.பி.ஓ. ஒன்றைப் போடுவது செலவுக்குத் தகுந்த வேலை. அது பொது ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழக்கூடும். ஆகவே அதை மெயினிலிருந்து நேராக, தனி நியூட்ரல் லிங்க்குடன் எடுக்க வேண்டும். அடுத்த மழையில் கேட் விளக்கு கசிந்தால் அது மட்டும் அணையும், உள்ளே ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும்.

தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடலாம் என்றோ, 100, 300 மில்லி ஆம்பியர் வகையைப் போட்டால் நிற்கும் என்றோ யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நிற்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கசிவு ஈரச் சுவரிலும் கேட் தூணின் இரும்பிலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். எர்த் கம்பி எங்காவது விட்டுப்போயிருந்தால், அடுத்து கேட்டைத் தொடுபவரின் உடல் வழியாக எர்த்துக்குப் போகும், அதை வெட்டுவதற்கு எதுவும் இருக்காது. கண்டுபிடிக்கும்வரை அந்த ஒரு சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கி வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள்; வாசல் விளக்கில்லாமல் சில நாள் இருக்கலாம். வெளியில் எங்காவது தொட்டால் சுருக்கென்று இருந்ததாக வீட்டில் யாரேனும் சொல்லியிருந்தால் அந்த சர்க்யூட்டை உடனே இறக்கிவிட்டு, எர்த் தொடர்ச்சியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது முடிந்ததும் இரண்டு அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, வேலை முடிந்த அன்று அந்த சர்க்யூட்டின் மெகர் அளவு. மற்ற சர்க்யூட்டுகளோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு அது ஏறியிருக்க வேண்டும், நான்கைந்து மெகா ஓமில் நின்றால் இன்னோர் இடம் பாக்கி இருக்கிறது. மற்றது, பைப் வாயிலும் விளக்குகளிலும் தண்ணீர் ஊற்றிய பிறகு எடுத்த அளவு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் பைப்பில் தேங்கிய பழைய தண்ணீர் காய நாளாகும் என்பதால், வேலை முடிந்த முதல் வாரத்தில் ஒரு பனிக்காலையில் மீண்டும் விழுந்தாலும் வேலை வீண் என்று முடிவு செய்துவிடாமல், அந்தக் காலையிலேயே அவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். எந்த எம்.சி.பி.யில் விழுகிறது என்பதையும், முடிந்தால் ஈரத்தில் எடுத்த மெகர் அளவையும் இங்கே எழுதினால், அடுத்து எந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்று என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.